பெயரை எடுத்துவிட்டால் போதாது: மதிப்பெண் பட்டியலைக் குறியீட்டு எண் போட்டுப் பகிர்வது எப்படி

பொதுத்தேர்வு விடைத்தாளுக்கு டம்மி எண் போடுவது ஆசிரியர்களுக்குப் பழகிய விஷயம். திருத்துகிறவருக்கு அந்தப் பிள்ளை யார் என்று தெரியாது, விடைத்தாளில் பெயரும் இருக்காது, அதனால் எண் ஒன்றே போதுமானதாக இருக்கிறது. பள்ளிக்குள் பாட ஆசிரியர்களிடம் மதிப்பெண் பட்டியலைச் சுற்றுக்கு விடும்போதும் பலர் அதே முறையைக் கையாள்கிறார்கள். பெயர் நெடுவரிசையை அழித்துவிட்டு, ஒரு எண்ணைப் போட்டு, குழுவில் அனுப்பிவிடுகிறார்கள்.

இங்கே நிலைமை வேறு. பட்டியலைப் பார்க்கும் ஆசிரியருக்கு அந்த 42 பிள்ளைகளையும் முகம் பார்த்துத் தெரியும். அது மட்டுமல்ல, பட்டியலில் ஒரு நெடுவரிசையை நிரப்பியதே அவர்தான். கணித ஆசிரியரின் கையேட்டில் யாருக்கு 97 என்று பெயரோடு இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பட்டியலில் கணிதத்தில் 97 ஒரே ஒரு வரியில் இருந்தால், அந்த வரி யாருடையது என்று அவருக்கு அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கூடவே அதே பிள்ளையின் தமிழ், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களும் தெரிந்துவிடும். பெயரை மறைத்தாலும் மதிப்பெண்ணே பெயராக நிற்கிறது.

அதனால் இந்த வேலையில் இரண்டு பகுதி இருக்கிறது. எண்ணை ஒழுங்காகப் போடுவது முதல் பகுதி. அது கைவேலை, ஒருமுறை பழகினால் போதும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று முடிவு செய்வது இரண்டாவது. அதுதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை வகுப்பை வைத்துக்கொள்வோம். பிளஸ் ஒன், அறிவியல் பிரிவு, 42 பேர், தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என ஆறு பாடம், ஒவ்வொன்றும் 100க்கு. அரையாண்டுத் தேர்வு முடிந்து, "கணிதத்தில் பின்தங்குகிறவர்கள்தான் இயற்பியலிலும் பின்தங்குகிறார்களா, சிறப்பு வகுப்பைச் சேர்த்து வைக்கலாமா" என்று ஆசிரியர்கள் உட்கார்ந்து பேசப் போகிறார்கள். அதற்கு ஒரு பட்டியல் வேண்டும்.

சாவிப் பட்டியல் யாரிடம் இருக்கும்

கணினியைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. எந்த எண் எந்தப் பிள்ளை என்று சொல்லும் பட்டியலைச் சாவிப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் அந்தக் கூட்டத்தில் பட்டியலை வைத்துப் பேசப் போகிறவராக இல்லாமல் இருந்தால் நல்லது. தேர்வுப் பிரிவைக் கவனிக்கும் ஆசிரியர் அல்லது தலைமை ஆசிரியர் பொருத்தமாக இருப்பார். வகுப்பாசிரியரே வைத்துக்கொள்வதுதான் நடைமுறையில் அதிகம்; தப்பில்லை, ஆனால் அவரும் அந்த வகுப்புக்கு ஒரு பாடம் எடுப்பவர் என்பதை மறக்க வேண்டாம். அவரைப் பொறுத்தவரை இந்தப் பட்டியலில் எதுவும் மறைந்திருக்கவில்லை.

சாவிப் பட்டியல் எங்காவது இருக்கும் வரை, குறியீட்டு எண் போட்ட பட்டியலும் அந்தப் பிள்ளைகளைப் பற்றிய தகவல்தான். 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது. எனவே "பெயர்தான் இல்லையே" என்று நினைத்து அந்தக் கோப்பைக் கண்ட இடத்தில் போட்டு வைக்க முடியாது.

எண்ணைத் தேர்ந்தெடுப்பது

வருகைப் பதிவேட்டின் வரிசை எண், தேர்வு எண், எமிஸ் எண் மூன்றுமே கூடாது. அவை பெயருக்குச் சமம். வரிசை எண்ணோடு 100ஐக் கூட்டுவது, பிறந்த தேதியைத் திருப்பிப் போடுவது, பெயரின் முதலெழுத்தைச் சேர்ப்பது போன்ற வித்தைகளும் வேண்டாம். ஒரு பிள்ளையின் எண் தெரிந்தாலே சூத்திரம் பிடிபட்டுவிடும், மீதி 41 பேரும் வெளியே வந்துவிடுவார்கள். எண்ணுக்கும் பிள்ளைக்கும் எந்த உறவும் இருக்கக் கூடாது. குலுக்கிப் போட்டதாக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். இந்த எண்கள் பிறகு திரும்பி வரும். "இந்த எட்டுப் பேருக்குச் சிறப்பு வகுப்பு" என்று ஆசிரியர் எண்களை எழுதிக் கொடுப்பார். அதில் ஒரு இலக்கம் தவறினால் வேறொரு பிள்ளைக்குப் போய்ச் சேரும், யாருக்கும் தெரியவும் தெரியாது. இதைத் தவிர்க்க ஒரு எளிய வழி, 11ஆல் வகுபடும் நான்கு இலக்க எண்களை மட்டும் எடுப்பது. அப்படிப்பட்ட எண்ணில் ஏதாவது ஒரு இலக்கம் மாறினால் அது 11ஆல் வகுபடாது. அடுத்தடுத்து உள்ள இரண்டு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறினாலும் வகுபடாது. 4873 என்பதை 4783 என்று எழுதிவிட்டால் மீதி 9 வரும், உடனே தெரிந்துவிடும். ஒன்று விட்டு ஒன்று இருக்கும் இலக்கங்கள் இடம் மாறினால் மட்டும் இந்தச் சோதனையில் பிடிபடாது. ஆனால் கையால் எழுதும்போது அந்தத் தவறு அபூர்வம்.

1001 முதல் 9999 வரை இப்படி 819 எண்கள் உண்டு. 42 பேருக்குத் தாராளம். ஒரு புதிய எக்செல் தாளில் A1இல் 1001, A2இல் 1012 என்று அடித்து, இரண்டையும் தேர்ந்தெடுத்துக் கீழே 9999 வரும் வரை இழுங்கள். B1இல் இதைப் போட்டு, கடைசி வரி வரை நிரப்புங்கள்.

```
=RAND()
```

இப்போது இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, B-யை வைத்து வரிசைப்படுத்துங்கள். A-யில் எண்கள் கலைந்துவிடும். மேலே உள்ள முதல் 42ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைப்படுத்திய மறுகணமே B-யில் உள்ள எண்கள் மாறிப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தாளில் எது மாறினாலும் `RAND` புதிதாகக் கணக்கிடும். A-யில் இருப்பது வெறும் எண், அது அப்படியே இருக்கும். 1001இலிருந்து தொடங்குவதில் இன்னொரு வசதியும் உண்டு. 0037 போன்ற எண்ணை எக்செல் 37 ஆக்கிவிடும் தொல்லை இங்கே இல்லை.

சாவிப் பட்டியலைக் கட்டுவது

சாவிப் பட்டியலுக்குத் தனிக் கோப்பு வேண்டும். பகிரப்போகும் கோப்பிலேயே இன்னொரு தாளாக அதை வைத்து மறைத்து வைப்பது இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. மறைத்த தாளை வெளியே கொண்டுவர அதன் பெயர்ப்பட்டையில் வலது கிளிக் செய்து `Unhide` கொடுத்தால் போதும்.

தனிக் கோப்பில் A வரிசை எண், B பெயர், C குறியீட்டு எண், D முதல் I வரை ஆறு பாட மதிப்பெண்கள் என்று வையுங்கள். முதல் வரி தலைப்பு, பிள்ளைகள் 2 முதல் 43 வரை. குலுக்கி எடுத்த 42 எண்களை C-யில் ஒட்டும்போது `Paste Special` போய் `Values` கொடுத்து ஒட்டுங்கள்.

கோப்புக்குக் கடவுச்சொல் போட வேண்டும். `File`, `Info`, `Protect Workbook`, `Encrypt with Password` என்று போனால் கோப்பு உண்மையிலேயே பூட்டப்படும். `Protect Sheet` அதற்கு மாற்று ஆகாது. அது கட்டத்தில் கை தவறி எதையாவது அடித்துவிடாமல் தடுக்கிறதே தவிர, உள்ளே இருப்பதை மறைப்பதில்லை. கடவுச்சொல் மறந்துபோனால் கோப்பு போனதுதான் என்பதால், சாவிப் பட்டியலின் ஒரு அச்சுப் பிரதியை உறையில் போட்டு ஒட்டி தலைமை ஆசிரியரின் அலமாரியில் வைப்பது நல்லது. அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லதல்ல. அந்தப் படம் எந்தெந்தக் கருவிகளில் தானாகப் போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது.

பகிரும் பட்டியலை எடுப்பது

புதிய, காலிக் கோப்பு ஒன்றைத் திறந்து, சாவிப் பட்டியலின் C முதல் I வரை உள்ளதை அதில் `Values` ஆக ஒட்டுங்கள். சாவிக் கோப்பை நகல் எடுத்துப் பெயரை அழிப்பதைவிட இதுதான் பாதுகாப்பு. நகலில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று பட்டியல் போட்டால் நீளும்: பெயரைத் தேடி எடுக்கும் சூத்திரம், கட்டத்தில் எழுதிய குறிப்பு, மறைத்த நெடுவரிசை. பிவட் அட்டவணை இருந்தால் மூலத்தாளை அழித்த பிறகும் அதன் முழுத் தரவு உள்ளே தங்கியிருக்கலாம். கூகுள் ஷீட்ஸ் என்றால் `Version history` இருக்கிறது. திருத்தும் உரிமை கொடுத்த யாரும் நேற்றைய நிலைக்குப் போய், நீங்கள் அழித்த பெயரைப் படிக்கலாம்.

ஒட்டியாயிற்று. ஆனால் பட்டியல் இன்னும் வருகைப் பதிவேட்டின் வரிசையில்தான் இருக்கிறது. அகரவரிசையோ, பையன்கள் முதலில் பெண்கள் பின்னால் என்பதோ, எதுவானாலும் அந்த வரிசை எல்லா ஆசிரியருக்கும் மனப்பாடம். பதினேழாவது வரி யாருடையது என்று எண்ணிப் பார்த்தால் போதும். எனவே குறியீட்டு எண்ணை வைத்து முழுப் பட்டியலையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். மொத்த மதிப்பெண்ணை வைத்து வரிசைப்படுத்தக் கூடாது. முதல் ராங்க் யார் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லையே.

வரிசைப்படுத்தும்போது ஒரு ஆபத்து உண்டு. குறியீட்டு எண் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தப் போனால் எக்செல் ஒரு எச்சரிக்கை காட்டி, `Expand the selection` செய்யட்டுமா, `Continue with the current selection` செய்யட்டுமா என்று கேட்கும். இரண்டாவதைக் கொடுத்துவிட்டால் எண்கள் மட்டும் நகர்ந்து, மதிப்பெண்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்தவர் மதிப்பெண் வந்துவிடும். பார்க்கப் பட்டியல் ஒழுங்காகவே தெரியும். கூட்டுத்தொகையைச் சரிபார்த்தாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் எண்கள் அதேதான்.

இதைப் பிடிக்க, எண்ணையும் மதிப்பெண்ணையும் வரிக்கு வரி பெருக்கிக் கூட்டிப் பார்க்க வேண்டும். கணிதத்துக்கு, சாவிக் கோப்பில் முதலாவதையும் பகிரும் கோப்பில் இரண்டாவதையும் போடுங்கள்.

```
=SUMPRODUCT(C2:C43,F2:F43)
=SUMPRODUCT(A2:A43,D2:D43)
```

இரண்டும் ஒரே தொகையாக வந்தால் எண்களும் மதிப்பெண்களும் சேர்ந்தே நகர்ந்திருக்கின்றன என்று நம்பலாம். வராவிட்டால் மேலே போக வேண்டாம், ஒட்டுவதிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். ஆறு பாடத்துக்கும் இப்படிப் பார்த்துவிடுங்கள்.

மதிப்பெண்ணே காட்டிக் கொடுப்பதை அளப்பது

இனி இரண்டாவது பகுதி. கணித நெடுவரிசையில் வேறு யாருக்கும் இல்லாத மதிப்பெண் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

```
=SUMPRODUCT(--(COUNTIF(D2:D43,D2:D43)=1))
```

42 பேர் 100 மதிப்பெண் பரப்பில் சிதறிக் கிடக்கும்போது இந்த எண்ணிக்கை வகுப்பில் பாதியைத் தொடுவது சாதாரணம். நம் மாதிரி வகுப்பில் 23 வருகிறது என்று வைப்போம். அதாவது கணித ஆசிரியர் இந்தப் பட்டியலைக் கையில் வாங்கியதும் 23 பேரைச் சந்தேகமே இல்லாமல் அடையாளம் காண முடியும். எஞ்சியவர்களில் பலர் இருவர் இருவராக ஒரே மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். அங்கே அவர் ஊகித்தால் பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். இது குறியீட்டு எண்ணின் குறை இல்லை. எவ்வளவு நல்ல எண் போட்டாலும் இப்படித்தான்.

இதற்கு மருந்து, துல்லியமான மதிப்பெண்ணைக் கொடுக்காமல் படிநிலையாகக் கொடுப்பது. 35க்குக் கீழே 1, 35 முதல் 59 வரை 2, 60 முதல் 79 வரை 3, 80 முதல் 100 வரை 4. கணிதப் படிநிலைக்கு H2இல் இதைப் போட்டுக் கீழே நிரப்புங்கள்; அப்படியே பக்கத்து I நெடுவரிசைக்கும் இழுத்தால் இயற்பியல் படிநிலை வந்துவிடும்.

```
=IF(ISNUMBER(D2),IF(D2<35,1,IF(D2<60,2,IF(D2<80,3,4))),"AB")
```

`ISNUMBER` எதற்கு என்று தோன்றலாம். அது இல்லாமல் நேராக `D2<35` என்று தொடங்கினால், தேர்வு எழுதாதவருக்கு AB என்று இருக்கும் கட்டத்தை எக்செல் எல்லா எண்களையும்விடப் பெரியதாக எடுத்துக்கொள்ளும். தேர்வுக்கே வராத பிள்ளை நான்காம் படிநிலையில், முதல் மாணவர்களோடு போய் உட்கார்ந்துவிடும். காலிக் கட்டம் எதிர்ப்பக்கம் போகும். அதை எக்செல் 0 என்று எடுத்து முதல் படிநிலையில் போட்டுவிடும்.

படிநிலை போட்ட பிறகு ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நான் வைத்துக்கொள்ளும் எல்லை ஐந்து. ஒரு படிநிலையில் ஐந்து பேருக்குக் கீழே இருந்தால் பக்கத்துப் படிநிலையோடு சேர்த்துவிட வேண்டும். ஐந்துக்குப் பின்னால் பெரிய கோட்பாடு எதுவும் இல்லை. மூன்று என்றால் ஊகிப்பது சுலபம், பத்து என்றால் 42 பேர் வகுப்பில் பட்டியலே உதவாமல் போய்விடும். நம் மாதிரியில் கணிதம் மேலிருந்து கீழாக 6, 13, 15, 8. சரி, விட்டுவிடலாம். இயற்பியல் 3, 14, 19, 6. மேலே மூன்று பேர்தான் இருக்கிறார்கள், அதனால் நான்கையும் மூன்றையும் சேர்த்து 17 பேர் கொண்ட ஒரே படிநிலையாக்கி விடுகிறோம். I நெடுவரிசைச் சூத்திரத்தின் கடைசியில் உள்ள 4ஐ 3 ஆக்கினால் போதும்.

இப்போது கணித ஆசிரியர் பட்டியலைப் பார்த்தால், முதல் படிநிலையில் உள்ள ஒரு வரி தன் எட்டுப் பிள்ளைகளில் ஒருவருடையது என்று தெரியும், எட்டில் எது என்று தெரியாது. தனியாக இருக்கும்வரை இது போதும். ஆனால் கூட்டத்தில் இயற்பியல் ஆசிரியரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இருவரும் சேர்ந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நெடுவரிசையையும் சேர்த்து எண்ண வேண்டும். J2இல் இதைப் போட்டுக் கீழே நிரப்புங்கள்.

```
=COUNTIFS(H$2:H$43,H2,I$2:I$43,I2)
```

நம் வகுப்பில் இப்படி வருகிறது:

| கணிதம் | இயற்பியல் 60க்கு மேல் | இயற்பியல் 35–59 | இயற்பியல் 35க்குக் கீழ் |
|---|---|---|---|
| 80க்கு மேல் | 5 | 0 | 1 |
| 60–79 | 10 | 3 | 0 |
| 35–59 | 2 | 13 | 0 |
| 35க்குக் கீழ் | 0 | 3 | 5 |

கணிதத்தில் 80க்கு மேல், இயற்பியலில் 35க்குக் கீழ் என்று ஒரே ஒரு பிள்ளை. இரு ஆசிரியர்களும் ஒருவரையொருவர் பார்த்தாலே பெயர் வந்துவிடும். இதைத் தடுக்க முடியுமா என்றால் முடியாது. தடுக்கவும் வேண்டியதில்லை, அந்த இரண்டு மதிப்பெண்ணும் அவர்கள் இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்தவை. நாம் காப்பாற்ற வேண்டியது அதே வரியில் உள்ள மீதி நான்கு பாடங்களை. அவற்றை ஏன் இந்தப் பட்டியலில் வைத்தோம் என்று யோசித்தால் பதில் இருக்காது. கேள்வி கணிதமும் இயற்பியலும் பற்றியது. வேதியியலும் தமிழும் பழக்கதோஷத்தில் கூட வந்தவை. அவற்றை அழித்துவிடுங்கள்.

கேட்ட கேள்விக்கு வேண்டிய நெடுவரிசை மட்டும் என்று வைத்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. இன்னும் ஒரு படி போனால், "சேர்த்து வகுப்பு வைக்கலாமா" என்ற கேள்விக்கு மேலே உள்ள எண்ணிக்கை அட்டவணையே விடை சொல்கிறது. கணிதத்தில் தவறிய எட்டுப் பேரில் ஐந்து பேர் இயற்பியலிலும் தவறியிருக்கிறார்கள், வைக்கலாம். பிள்ளை வாரியான பட்டியலே வேண்டாம். குறியீட்டு எண் போட எல்லாம் தயார் செய்துவிட்டு அதை அனுப்பாமல் விடுவதும் சில நேரம் சரியான முடிவுதான். வரி வரியாகப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்றால் மட்டும் பட்டியலை அனுப்புங்கள்.

மதிப்பெண் அல்லாத நெடுவரிசைகள்

மொத்தம், ராங்க் இரண்டும் போக வேண்டும். படிநிலையின் பக்கத்தில் மொத்தம் நின்றால் படிநிலை போட்டதே வீண். பால், பிறந்த தேதி, சமூகம், விடுதியா வீடா, பயிற்று மொழி எதுவும் தேவையில்லை. தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்த ஒரே பிள்ளை வகுப்பில் இருந்தால், "மொழிப்பாடம்" என்ற நெடுவரிசையே அந்தப் பிள்ளையின் பெயர்ப்பலகை. குறிப்பு நெடுவரிசையில் "காய்ச்சல்", "அப்பா வெளியூர்" என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள். மதிப்பெண்ணைவிட அதுதான் வெளியே போகக் கூடாதது.

AB தனிப் பிரச்சினை. அரையாண்டில் இயற்பியல் தேர்வுக்கு வராதவர் ஒருவர்தான் என்றால், அது யார் என்று பள்ளி முழுக்கத் தெரியும். அந்த வரியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டு, அந்தப் பிள்ளையைப் பற்றி வகுப்பாசிரியரும் பாட ஆசிரியரும் தனியாகப் பேசிக்கொள்வது நல்லது. எடுத்ததும் மேலே சொன்ன எண்ணிக்கைகளை மறுபடி பாருங்கள், ஐந்தாக இருந்தது நான்காகியிருக்கலாம்.

அனுப்புவதற்கு முன்

எண்ணிப் பார்க்கப் போட்ட உதவி நெடுவரிசைகளையும், படிநிலை போடப் பயன்பட்ட துல்லிய மதிப்பெண்களையும் அழிக்க வேண்டும். முதலில் படிநிலைகளை `Values` ஆக மாற்றி ஒட்டிவிட்டு அப்புறம் மூல மதிப்பெண்ணை அழியுங்கள். மாற்றிச் செய்தால் எல்லோரும் AB ஆகிவிடுவார்கள். பிறகு `File`, `Info`, `Check for Issues`, `Inspect Document` ஓட்டினால் மறைந்துள்ள வரி, நெடுவரிசை, தாள், குறிப்பு, கோப்பை உருவாக்கியவர் பெயர் எல்லாவற்றையும் காட்டும்.

நான் இன்னும் ஒரு படி போய் `CSV UTF-8` வடிவில் சேமித்து, அதை நோட்பேடில் திறந்து படிப்பேன். அதில் சூத்திரம் தங்காது, வண்ணம் தங்காது, வேறு தாள் வராது, வெறும் எழுத்தாக எல்லாம் கண் முன்னால் நிற்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மறைத்து வைத்த நெடுவரிசை இதில் மறையாது, அப்படியே வெளியே வரும். நோட்பேடில் பார்க்கச் சொல்வது அதற்குத்தான். UTF-8 இல்லாத சாதாரண CSV கொடுத்தால் தமிழ்த் தலைப்புகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

கடைசியாக ஒரு பாட ஆசிரியரின் மதிப்பெண் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் அந்தப் பட்டியலில் யாரையாவது கண்டுபிடிக்க முடிகிறதா என்று முயன்று பாருங்கள். உங்கள் பாடத்தை வைத்தே செய்யலாம். முடிந்தால் எந்த நெடுவரிசை காட்டிக் கொடுத்தது என்று உடனே தெரிந்துவிடும்.

கூகுள் ஷீட்ஸில் பகிர்வதானால் `Restricted` வைத்து, ஆசிரியர்களின் மின்னஞ்சலை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள். `Anyone with the link` என்றால் அந்த இணைப்பு எந்தக் குழுவுக்குப் போகிறதோ அந்தக் குழு முழுதும் பார்க்கும். வாட்ஸ்ஆப்பில் கோப்பாகப் போட்டால் அதைத் திரும்பப் பெறுவது அநேகமாக நடக்காத காரியம்; போட வேண்டிய கட்டாயம் என்றால், படிநிலை மட்டும் உள்ள பட்டியலைப் போடுங்கள்.

எண்கள் திரும்பி வரும்போது

கூட்டம் முடிந்து சிறப்பு வகுப்புக்கான எண்கள் சாவி வைத்திருப்பவரிடம் வருகின்றன. அவற்றைச் சாவிக் கோப்பில் K2இலிருந்து கீழே அடித்து, பக்கத்தில் முதலில் 11ஆல் வகுத்துப் பார்க்கும் சோதனையையும், அதன் பக்கத்தில் பெயர் தேடும் சூத்திரத்தையும் போடுங்கள்.

```
=IF(MOD(K2,11)=0,"சரி","எண்ணைப் பார்")
=INDEX(B$2:B$43,MATCH(K2,C$2:C$43,0))
```

`MATCH` கடைசியில் உள்ள 0 கட்டாயம். அதை விட்டுவிட்டால் எக்செல் சரியான எண் கிடைக்காதபோது பக்கத்தில் உள்ள ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு, எந்தப் பிழையும் காட்டாமல் தவறான பெயரைக் கொடுக்கும். `VLOOKUP` பயன்படுத்துகிறவர்கள் கடைசியில் `FALSE` போட மறப்பதும் இதே விபத்துதான். முதல் சோதனை சரி என்று சொல்லியும் பெயர் இடத்தில் `#N/A` வந்தால், பெரும்பாலும் எண் எழுத்தாகப் பதிந்திருக்கும். வாட்ஸ்ஆப்பிலிருந்து நகல் எடுத்து ஒட்டியதாக இருக்கும். `K2` உள்ள இடத்தில் `VALUE(K2)` என்று மாற்றினால் சரியாகும். அப்படியும் வராவிட்டால் அந்த எண் இந்தப் பட்டியலிலேயே இல்லை. ஊகிக்காமல் எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள்.

கிடைத்த பெயர்களை எல்லோருக்கும் அனுப்ப வேண்டாம். கணித வகுப்புக்கு உள்ளவை கணித ஆசிரியருக்கு, இயற்பியலுக்கு உள்ளவை இயற்பியல் ஆசிரியருக்கு. பிள்ளையிடம் சொல்வது வகுப்பாசிரியர்.

அடுத்த தேர்வுக்குப் புதிதாக எண் குலுக்க வேண்டும். பழைய எண்ணையே வைத்திருந்தால், அரையாண்டில் ஒருமுறை அடையாளம் தெரிந்துபோன பிள்ளை ஆண்டு முழுக்கத் தெரிந்துபோனதாகிவிடும். 4873 என்பது ஆசிரியர் அறையில் ஒரு பட்டப்பெயராகவே மாறிவிடும். முன்னேற்றத்தை ஒப்பிட வேண்டும் என்று யாராவது கேட்டால், சாவி வைத்திருப்பவரே இரண்டு தேர்வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, "கூடியது, குறைந்தது, அப்படியே" என்று ஒரு நெடுவரிசையாக, புதிய எண்ணோடு கொடுக்கலாம். சிறப்பு வகுப்புப் பட்டியல் முடிவானதும் பழைய சாவிக் கோப்பையும், உறையில் உள்ள அச்சுப் பிரதியையும் அழித்துவிடலாம். மதிப்பெண்கள் மூலப் பதிவேட்டில் இருக்கின்றன. கோப்பை அழிக்கும்போது `Recycle Bin`-ஐயும் காலி செய்யுங்கள். கூகுள் டிரைவில் இருந்தால் `Trash`-இலிருந்தும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 30 நாள் அங்கேயே கிடக்கும்.